சிவப்புக் கோடு விழுந்த ஒலிபெருக்கி

இராஜாக்கமங்கலம் துறையில் ஞானசெல்வியின் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ரீசார்ஜ் உண்டு, ஜெராக்ஸ் உண்டு, பாஸ்போர்ட் போட்டோவும் எடுப்பாள். ஆனாலும் ஊருக்கு அது ‘கார்டு கடை’தான். கடலுக்குப் போகிறவர்கள் போனைக் கழற்றி, நகக்கண் அளவு மெமரி கார்டை எடுத்து அவள் மேசையில் வைப்பார்கள். படம், பாட்டு, காமெடி எல்லாம் ஏற்றிக் கொடுப்பாள். ஆழ்கடலில் நாள்கணக்காய்க் கிடக்கிறவனுக்கு அரிசியும் ஐஸும் எப்படியோ அப்படித்தான் அந்தக் கார்டும்.

கணவர் கத்தாரில் இருந்தார். அவர் அனுப்பிய பழைய கம்ப்யூட்டரை வைத்து, வீட்டின் முன்னறையை மறைத்துத் தொடங்கிய கடை. “பொம்பள ஒருத்தி ஆம்பிளைகளுக்குப் படம் ஏத்திக் குடுக்காளாம்” என்று முதலில் முணுமுணுத்தவர்களே பிறகு வரிசையில் நின்றார்கள். அவள் வாய் அப்படி.

“லேய், போன தடவ ஏத்துன படத்தையே இன்னும் பாக்கல. அதுக்குள்ள புதுசா?”

“பாத்தாச்சு அக்கா. ரெண்டு மட்டம் பாத்தாச்சு.”

“அப்போ மீன யாருல பிடிச்சா?”

கடைக்குள் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். யாருக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். எதிர்வீட்டு மரியஜானுக்குக் காமெடிதான் வேண்டும். சண்டைப் படம் கொடுத்தால், “நான் வீட்டுல பாக்காத சண்டையா?” என்று சொல்லி, எதிர்ப்பக்கம் நிற்கும் மனைவி ரீத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொள்வான்.

படம் இறக்குவதில் ஞானசெல்விக்கு ஒரு கணக்கு உண்டு. கம்ப்யூட்டரில் வீடியோ ஓடத் தொடங்கினால் டவுன்லோட் மேனேஜர் மூலையில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும். அதைத் தட்டினால் 360, 720, 1080 என்று ஒரே வீடியோ பல அளவுகளில் வரிசையாய் நிற்கும். அவள் எடுப்பது எப்போதும் 360. உள்ளங்கை அளவுத் திரைக்கு அது தாராளம். கார்டும் சீக்கிரம் நிறையாது, மாதக் கடைசியில் நெட்டும் இழுக்காது. 1080-ஐ அவள் தொட்டதே இல்லை. துறையில் அதை யார், எந்தத் திரையில் பார்க்கப் போகிறார்கள்?

கடற்கரையில் பாதிப்பேர் கைக்கு டச் போன் வந்துவிட்ட வருடம் அது. நாகர்கோவிலில் கல்யாண வீடியோ எடுக்கும் மத்தியாஸ் என்பவன் சின்னமுட்டம் துறைமுகத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, மீன், வலை, ‘போட்டு’ என்கிற விசைப்படகு என்று படம் பிடித்து நெட்டில் போட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் அவன் காமிராவில் மரியஜான் அகப்பட்டான். அன்று இரவு யேசுரத்தினத்தின் விசைப்படகை அவன்தான் கடலுக்குக் கொண்டு போக இருந்தான். டிரைவர் அவனே.

போட்டு போன மறுநாள் அந்த வீடியோ வந்தது. ஞானசெல்விதான் முதலில் பார்த்தாள்.

“ஏட்டி ரீத்தா, ஓடி வா. உனக்க மாப்பிள நெட்டுல வந்திருக்காரு.”

ரீத்தா இடுப்பில் பெபிஷாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கார்டுக்கு வந்திருந்த நாலைந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஏலக்கூடத்துச் சுவரை ஒட்டி, வலைக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தான் மரியஜான். கடல் தெரியவில்லை, போட்டும் தெரியவில்லை. அவனும் சுவரும்தான்.

“அண்ணே, கடல்ல பயம் உண்டா?” என்று மத்தியாஸின் குரல் கேட்டது.

“பயமா? பொண்டாட்டிக்கு மட்டும்தான்” என்றான் மரியஜான். கடை சிரித்தது. ரீத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு அவன் முகம் கொஞ்சம் மாறியது. “தமாசு கெடக்கட்டும் தம்பி. எங்க போட்டுல ஒயர்லெஸ் செட்டு செத்துக் கெடக்கு. மொதலாளிட்ட எத்தன தடவ சொல்லியாச்சி. அடுத்த ட்ரிப்புக்குப் பாக்கலாம்ங்காரு. போவலன்னா வேற டிரைவரப் போட்டுருவேன்ங்காரு. நாளைக்குக் காத்து மாறுனா எங்களத் திரும்பி வாங்கன்னு யாரு கூப்பிடுவா, சொல்லு?” அப்படிச் சொல்லிவிட்டு, காமிராவைப் பார்த்து மறுபடியும் சிரித்தான். “இதையெல்லாம் போட்டுராத கேட்டியா, எனக்கு வேல போயிரும்.”

மத்தியாஸ் அதையும் சேர்த்தே போட்டிருந்தான்.

“இந்த ஆளுக்கு வாயி அடங்காது” என்றாள் ரீத்தா. பெபிஷா திரையைத் தொட்டு, “அப்பா” என்றாள்.

காற்று மாறியது. கரையில் இருந்தவர்கள் ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மற்றப் போட்டுகள் எல்லாம் பதில் சொல்லித் திரும்பின. யேசுரத்தினத்தின் போட்டிலிருந்து பதில் இல்லை. கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்களைக் குளச்சல்காரர்கள் தூக்கினார்கள். மரியஜான் அவர்களோடு இல்லை. அவன் உடம்பு பிறகு தானாய்க் கரைக்கு வந்தது.

உடம்பு தெருவுக்குள் வந்த நேரத்தில் ஞானசெல்வி கம்ப்யூட்டரின் பின்னால் கையை விட்டு ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, சுவரில் ஆணியில் மாட்டினாள். யாரும் சொல்லவில்லை. துக்க வீடு இருக்கும் தெருவில் முப்பதாம் நாள் பூசை முடிகிறவரை பாட்டுச் சத்தம் எழக்கூடாது என்பது அங்கே யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத முறை. டீக்கடையில் ரேடியோ நின்றது. ஐஸ் வண்டிக்காரன் மணியடிக்காமல் தள்ளிக்கொண்டு போனான். கார்டு ஏற்ற வந்தவர்களும் “படம் ஓடுதான்னு மட்டும் பாருங்க அக்கா, போதும்” என்றார்கள். அவள் காதில் ஹெட்போன்கூட வைக்கவில்லை. எதிர்வீட்டில் ஒப்பாரி கேட்கும்போது காதில் ஒயரைச் சொருகி உட்கார்ந்திருந்தால், பாட்டுக் கேட்கிறாள் என்றல்லவா நினைப்பார்கள்?

ஏழாம் நாள் கழிந்ததும் ஒரு பேச்சு எழுந்தது. ஒயர்லெஸ் நல்லாத்தான் இருந்தது, காற்று வருகிறது என்று கூப்பிட்டபோது மரியஜான்தான் செட்டை அணைத்துவிட்டான், மீன் கிடைக்கிற ஆசையில் பிழைத்துவருகிற வழியையும் அடைத்துவிட்டான் என்று யேசுரத்தினம் சொன்னாராம். பிழைத்து வந்தவர்களிடம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் எல்லாரும் அவருடைய இன்னொரு போட்டுக்கு ஏற ஒத்துக்கொண்டிருந்தார்கள். செட்டு நல்லாத்தான் இருந்தது என்று அவர்களும் சொன்னார்கள்.

ரீத்தா கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவில்லை.

“செத்தவனுக்க தலையில வச்சு கெட்டுதாவ அக்கா. அவியளால எல்லாரும் சாவப் பாத்தாவளாம். நாளைக்கி எனக்க பிள்ளைய இந்தக் கடற்கரையில என்ன சொல்லிக் கூப்பிடுவாவ?”

“ஊர்க் கமிட்டில மனு குடு.”

“குடுத்தாச்சு. முப்பதாம் நாள் பூச முடிஞ்சி, பங்கு ஹால்ல வச்சு விசாரிக்கலாம்னு பாதர் சொல்லிருக்காரு. நான் என்னத்தக் காட்ட?”

ஞானசெல்வி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். “அவரு வாயாலயே சொல்லிருக்காருல்ல மக்கா. அதப் போட்டுக் காட்டுவோம்.”

ரீத்தா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஞானசெல்வி அந்த நாட்களில் பார்த்திருக்கவில்லை.

“நெட்டுல கெடக்கத நம்பக்கூடாது. இன்னைக்கி இருக்கும், நாளைக்கி இருக்காது. இப்பமே எறக்கி வச்சிருதேன்.”

தேவாலயத்துப் பங்கு ஹாலில் புரொஜெக்டர் உண்டு. சுவர் அளவு திரை. 360-ஐ அதில் போட்டால் முகம் கட்டம்கட்டமாய் உடையும், மரியஜானா வேறு யாராவதா என்று தெரியாது. அப்படித் தெரியாமல் போய்விடக் கூடாது. ஞானசெல்வி பட்டியலை விரித்தாள். அடியில் 1080 நின்றது. பக்கத்தில் சின்னதாய் ஓர் ஒலிபெருக்கிப் படம், அதன்மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

அந்தக் கோட்டை அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கீழே, கடிகாரத்துக்குப் பக்கத்திலும் ஒலிபெருக்கிமேல் சிவப்பாய்ப் பெருக்கல் குறி கிடந்தது. ஒயரைப் பிடுங்கிய நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. இதுவும் அதுதான், ஸ்பீக்கர் இல்லாததைத்தான் சொல்லுகிறது என்று நினைத்தாள். ஆணியில் தொங்கும் ஒயரை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு 1080-ஐத் தட்டினாள்.

நெட் மெதுவாய் இழுத்தது. இறங்கி முடிந்ததும் ஓட்டிப் பார்த்தாள். மரியஜானின் முகத்தில் வியர்வைத் துளி வரைக்கும் தெரிந்தது. கழுத்துச் செபமாலையின் மணிகளை எண்ணலாம் போலிருந்தது. வாய் அசைந்தது, சிரித்தது, மறுபடி அசைந்தது.

“தெளிவா இருக்கு” என்றாள். ரீத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எனக்கு இப்பம் பாக்கண்டாம் அக்கா. எல்லாரோடயும் சேந்து பாக்கேன்.”

பென் டிரைவில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று என்று பத்திரம் செய்தாள். வீடியோவின் பேச்சு துறைக்குள் பரவிய இரண்டொரு நாளில் நெட்டிலிருந்து அது காணாமல் போனது. ‘இந்த வீடியோ இல்லை’ என்ற வாசகம்தான் இருந்தது. யேசுரத்தினத்தின் மச்சினன் மத்தியாஸைப் போய்ப் பார்த்தான் என்று டீக்கடையில் சொன்னார்கள். ஞானசெல்வி சிரித்துக்கொண்டாள். “போட்டும். நம்ம கையில இருக்குல்ல” என்றாள் ரீத்தாவிடம். பிந்திய நாட்களில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்தச் சிரிப்புதான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ஆட்கள் நேராய் ஹாலுக்கு வந்தார்கள். முன்வரிசையில் பாதர், கமிட்டிச் செயலர் ஜெஃப்ரின், கமிட்டிக்காரர்கள். ஒருபக்கம் யேசுரத்தினம், வெள்ளை வேட்டியில், மச்சினனோடு. மறுபக்கம் ரீத்தா, கறுப்புச் சேலையில். யேசுரத்தினம் சொல்ல வேண்டியதைப் பணிவாய்ச் சொன்னார். பிழைத்தவர்களில் ஒருவன் எழுந்து ஆமாம் என்றான். பிறகு பாதர் ஞானசெல்வியைப் பார்த்தார்.

அவள் பென் டிரைவைப் பங்கு ஹால் லேப்டாப்பில் செருகியதும் விளக்கை அணைத்தார்கள். சுவர் முழுக்க மரியஜான் எழுந்தான். பின்வரிசையில் ஒருத்தி ‘ஏசுவே’ என்று விம்மினாள். அவன் வாயைத் திறந்தான். சத்தம் இல்லை.

“ஒயர் சரியா குத்துப்பா” என்றார் ஜெஃப்ரின். குத்தினார்கள். ஹால் ஸ்பீக்கரிலிருந்து பட்டென்று ஒரு வெடிப்பு, பிறகு மெல்லிய இரைச்சல். சத்தத்தைக் கூட்டினார்கள், இரைச்சல் கூடியது. மரியஜான் சிரித்தான். வாய் அசைந்தது. கையை விரித்தான். காமிராவைப் பார்த்து விரலை ஆட்டினான். படம் முடிந்தது.

“இன்னொருக்காப் போடு” என்றார் பாதர்.

போட்டாள். லேப்டாப்பில் வேறு ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தாள். ஹால் அதிர்ந்தது. ஆக, ஸ்பீக்கரில் குற்றமில்லை. மறுபடி மரியஜான். மறுபடி ஒன்றுமில்லை.

“ஊமப்படம் காட்டத்தான் எங்கள வரச் சொன்னியளா?” என்றான் மச்சினன். இரண்டு பேர் சிரித்து, பூசை முடிந்த நாள் என்பதை நினைத்து நிறுத்திக்கொண்டார்கள்.

யேசுரத்தினம் சிரிக்கவில்லை. எழுந்து மெதுவாய்ச் சொன்னார். “பாதர், நான் ஒண்ணு கேக்கேன். சத்தம் இல்லாம வீடியோ உண்டா? நான் கேள்விப்பட்டதில்ல. அப்போ யாரோ வெட்டிருக்காவ. ஏன் வெட்டுனாவ? அவன் வேற என்னமோ சொல்லிருக்கான். ‘மொதலாளி நல்லவரு, செட்டு நல்லாருக்கு’ன்னு சொல்லிருப்பான். அது இவியளுக்கு ஆவாது.”

ஹால் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. ரீத்தாவும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கேள்விதான் இருந்தது. அதுவே தாங்க முடியாததாய் இருந்தது.

“நான் வெட்டல பாதர்” என்றாள் ஞானசெல்வி. “ஏன் இப்பிடி ஆச்சுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிட்டு வாறேன்.”

அடுத்த ஞாயிறு வரை தவணை கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஆணியிலிருந்து ஒயரை எடுத்து மாட்டினாள். கீழே இருந்த சிவப்புப் பெருக்கல் குறி போய்விட்டது. மரியஜானைப் போட்டாள். ஊமை. வேறு பிளேயரில் போட்டாள். வேறு வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தாள். மாற்றி முடித்த கோப்பும் ஊமையாய்த்தான் வந்தது. ரீசைக்கிள் பின்னைத் துழாவினாள். பிரவுசரின் தற்காலிகக் கோப்புகளில் ஏதாவது துண்டு கிடக்குமா என்று பார்த்தாள். கிடக்காது. கடைக்கு வருகிறவர்களின் போட்டோவும் பாஸ்போர்ட்டும் யார் கண்ணிலும் படக் கூடாது என்று சாயங்காலம்தோறும் அதையெல்லாம் துடைத்துவிடுவது அவளே வைத்த வழக்கம்.

மறுநாள் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினாள். வடசேரிப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கிருஷ்ணமணி அண்ணனிடம்தான் அவள் எல்லாவற்றையும் வாங்குவாள். அவர் பென் டிரைவைச் செருகி, வீடியோவை ஓட்டாமல் அதன் விவரத்தைத் திறந்தார்.

“இங்க பாரு. சாதாரணமா ஒரு வீடியோக்குள்ள ரெண்டு ஓட்டம் இருக்கும். ஒண்ணு படம், ஒண்ணு சத்தம். இதுல படம் மட்டும்தான் இருக்கு.”

“அழிஞ்சு போச்சா அண்ணே? மீட்டு எடுக்கலாமா?”

“அழிஞ்சாத்தானே மீட்டு எடுக்க? இதுக்குள்ள சத்தம் வரவே இல்லம்மா. நீ எறக்கும்போ எந்த அளவு எடுத்த?”

சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

“அதான். பெரிய அளவெல்லாம் அவுங்க படத்தத் தனியா, சத்தத்தத் தனியா வச்சிருக்காங்க. சத்தம் ஒண்ணுதான், எல்லா அளவுப் படத்துக்கும் பொது. நெட் மெதுவானா படத்த மட்டும் கொறச்சிக்கிட்டு சத்தத்த அறுபடாம ஓட்டலாம்லா? நீ நெட்டுல அந்தப் பக்கத்தத் தொறந்து பாக்கும்போ பிரவுசர் ரெண்டையும் தனித்தனியா வாங்கி, நேரம் ஒப்பிச்சி சேத்து ஓட்டும். உனக்கு ஒண்ணுன்னுதான் தோணும். ஆனா நீ வச்சிருக்க டவுன்லோட் மேனேஜர் தட்டுனது எதுவோ அத மட்டும் கொண்டுவரும். பழைய முறையில 360-ம் 720-ம் ரெண்டும் சேந்தே ஒரே கோப்பா இருக்கு. அதனாலதான் இவ்வளவு நாளும் உனக்கு இது தெரியல.”

“ஒரு ஒலிபெருக்கிமேல சிவப்புக் கோடு போட்டிருந்துது அண்ணே.”

“அது அதச் சொல்லத்தான் போட்டிருக்கு.”

கிருஷ்ணமணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பட்டியல்லயே இன்னும் கீழ சத்தம் மட்டும் தனிக் கோப்பா நின்னிருக்கும். அதையும் எறக்குனா ரெண்டையும் ஒரு நிமிசத்துல ஒட்டிரலாம். நெட்டுல அந்தப் பக்கம் இன்னும் இருக்கா?”

“இல்ல.”

“அப்போ எடுத்தவன்கிட்டதான் போணும்.”

மத்தியாஸின் ஸ்டூடியோ கோட்டாறில் ஒரு மாடியில் இருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

“அக்கா, என்ன இதுல இழுக்காதீங்க.”

“வீடியோவ மறைச்சுத்தானே வச்சிருக்க? ஒருக்காத் தொறந்து விடு. சத்தத்த மட்டும் எடுத்துக்கிடுதேன். உன் பேரச் சொல்லமாட்டேன்.”

“மறைக்கல. அழிச்சிட்டேன். அவரு மச்சினன் இதே இடத்துல நின்னு, என்ன அழிக்க வச்சிட்டுத்தான் போனாரு.”

“காமிராவுல எடுத்தது?”

அவன் மேசைமேல் கிடந்த கார்டுகளைக் கையால் அளைந்தான். கல்யாணத்துக்குக் கல்யாணம் அதே கார்டுகளைத் துடைத்து எடுப்பவன். “அந்தக் கார்டுல ரெண்டு கல்யாணம் ஏறிட்டு அக்கா. ஒண்ணு அருமனை, ஒண்ணு தக்கலை.”

“அப்போ நீ வந்து சொல்லு. நீதானே கேட்ட, அவரு பதில் சொன்னாரு?”

“அடுத்த மாசம் துபாய்க்கு விசா வருது” என்றான் மத்தியாஸ். அவன் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு ஒவ்வொன்றாய்த் தோன்றிக்கொண்டிருந்தது. வழக்கம்போல 360-ஐ எடுத்திருந்தால்? முகம் உடைந்திருக்கும், குரல் இருந்திருக்கும். காதில் ஹெட்போனை வைத்திருந்தால்? ரீத்தா அன்றைக்கு முகத்தைத் திருப்பாமல், ‘சத்தம் வைங்க அக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? கடைசிக் கேள்வி மனதில் வந்ததும் அவளுக்கே வெட்கமாய்ப் போனது. அதற்குப் பிறகு யோசிக்கவில்லை.

அன்றைக்குக் கடையில் நின்று சிரித்தவர்களை ஒவ்வொருவராய்ப் போய்ப் பார்த்தாள். ஒருவன், “பொண்டாட்டிக்குப் பயம்னு சொன்னது ஞாபகம் இருக்கு அக்கா, பொறவு நான் காசு குடுக்கத் திரும்பிட்டேன்” என்றான். இன்னொருவன் வலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: “அக்கா, உங்க மாப்பிள கத்தார்ல. எனக்கு இங்கதான் போட்டுல ஏறணும்.”

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் அவள் மரியஜானைப் போடவில்லை. பங்குத் திருவிழாத் தேர்பவனி வீடியோ ஒன்று நெட்டில் இருந்தது. எல்லார் கண்முன்னாலும் அதை 1080-ல் இறக்கி ஓட்டினாள். தேர் போனது, பாண்டு வாத்தியக்காரர்கள் கன்னம் உப்ப ஊதினார்கள், சத்தம் இல்லை. அதையே 360-ல் இறக்கி ஓட்டினாள். ஹால் முழுக்க பாண்டு முழங்கியது. பட்டியலில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

“இது என்னன்னு அன்னைக்கி எனக்குத் தெரியாது. கடையில ஸ்பீக்கரப் புடுங்கி வச்சிருந்தேன். அதுக்குத்தான் கோடுன்னு நெனச்சேன். பொறவு ஓட்டிப் பாத்தும் தெரியல, துக்கம் கழியலன்னு சத்தம் வைக்கல. நான் எதையும் வெட்டல. எடுக்கவேண்டியத எடுக்கல. அதுதான் நான் செஞ்ச தப்பு.”

பாதர் மெல்லத் தலையசைத்தார். முன்வரிசைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வெட்டவில்லை என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

யேசுரத்தினமும் ஒத்துக்கொண்டார். “சரிம்மா. நீ கள்ளம் செய்யலன்னு நானும் சொல்லுதேன். அன்னைக்கிப் பேசுனதுக்கு வருத்தந்தான். ஆனா அவன் என்ன சொன்னான்? அது எங்க?”

“நான் காதால கேட்டேன். ரீத்தா கேட்டா.” ஞானசெல்வி ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னாள். செட்டு செத்துக் கிடக்கிறது, அடுத்த ட்ரிப்புக்குப் பார்க்கலாம், வேறு டிரைவர். கடைசி வரைக்கும் சொன்னாள்.

“அவன் வாய் அசைஞ்சதத்தான் படத்துல பாத்தோம்” என்றான் மச்சினன். “அந்த வாய்க்கு எந்தப் பேச்சையும் வைக்கலாமே. ‘எனக்கு சூடா ஒரு சாயா வேணும்’னுகூட வைக்கலாம்.”

“அன்னைக்கிக் கடையில நின்னவங்க யாராவது இருக்கியளா?” என்று பாதர் கேட்டார்.

யாரும் எழவில்லை. பாதர் இரண்டாம் முறையும் கேட்டார்.

செட்டு கெட்டது என்பதற்குச் சான்று இல்லை, மரியஜான் அணைத்தான் என்பதற்கும் சான்று இல்லை என்று கமிட்டி எழுதியது. யேசுரத்தினம் இரக்கத்தின்பேரில் கொடுப்பதை விதவை பெற்றுக்கொள்ளலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். ரீத்தா பெற்றுக்கொள்ளவில்லை. அதையும் ஊர் ஒருமாதிரியாய்த்தான் பேசியது: ‘குத்தம் மனசுல இருக்கு, அதான் கை நீளல.’ சான்று இல்லை என்று எழுதியது காகிதத்தில் கிடந்தது. துறையில் பேச்சு நின்ற இடம், அவன் செட்டை அணைத்தான் என்பதுதான். பெபிஷாவை விளையாடச் சேர்க்கையில் ஒரு பையன் “இவளுக்க அப்பாதான்…” என்று தொடங்கி, தாய் அதட்டியதும் நிறுத்தினான்.

மழைக்காலம் முடிந்ததும் ரீத்தா கொல்லம் பக்கம் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டாள். போகிற அன்று, யாரிடமோ விலைக்கு வாங்கிய ஒரு பழைய டச் போனோடு கடைக்கு வந்தாள். கூடப் பெபிஷா.

“அத இதுல ஏத்தித் தாங்க அக்கா.”

ஞானசெல்வி போனிலிருந்து கார்டைக் கழற்றினாள். “நான் அன்னைக்கி...”

“விடுங்க. நீங்க ஒயரப் புடுங்குனது யாருக்காவ? எங்களுக்காவத்தானே.” ரீத்தா அதைச் சமாதானமாய்ச் சொல்லவில்லை, கோபமாயும் சொல்லவில்லை. உப்பு விலையைச் சொல்வதுபோலச் சொன்னாள். “முகமாவது தெளிவா இருக்குல்ல. ஏத்துங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

ஏற்றினாள். வழக்கப்படி ஓட்டிப் பார்த்தாள். இப்போதெல்லாம் யாருடைய கார்டானாலும் சத்தத்தோடு ஓட்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறாள். எந்தத் தெருவில் துக்கம் இருந்தாலும் காதில் ஒயரைச் சொருகிக்கொள்கிறாள். நினைக்கிறவர்கள் நினைக்கட்டும்.

சின்னத் திரையில் மரியஜான் வாயைத் திறந்தான். எந்த அசைவுக்கு எந்தச் சொல் என்று அவளுக்கு இப்போது மனப்பாடம். இது ‘பயமா?’ இது ‘பொண்டாட்டிக்கு’. ரீத்தாவின் உதடுகளும் லேசாய் அசைந்தன, பிறகு நின்றன.

பெபிஷா போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். எடுத்துத் திரையைப் பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள்.

“மாமி, கேக்கல. கூட்டி வைங்க.”

ஞானசெல்வி போனைக் கையில் வாங்கினாள். சத்தத்தின் கோடு ஏற்கெனவே உச்சியில்தான் நின்றது. பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள், இன்னொரு தடவையும் அழுத்தினாள்.

“இன்னும் கொஞ்சம்” என்றாள் பெபிஷா.